தவணை ஏறவில்லை, தவணைகளின் எண்ணிக்கை ஏறியது

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டு விலையை முழுத் தொகையாகச் சொல்கிறவர்கள் குறைவு. "மாசம் இருபத்து மூணாயிரம் கட்டினா போதும் சார், வாடகைக்குக் கொடுக்குறதையே டியூவா கட்டலாம்" என்றுதான் பேச்சு தொடங்கும். தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர், ஆவடியின் படைத்தளவாடத் தொழிற்சாலைகளில் இருப்பவர், மெட்ரோவை நம்பிப் பூந்தமல்லி பக்கம் இடம் பார்ப்பவர் என எல்லோருமே அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் எவ்வளவு போகும் என்பது தெரிந்தாக வேண்டும்தான். ஆனால் கடனின் உண்மையான நிலையைச் சொல்ல அந்த ஒரு எண் போதாது. 2022-க்குப் பிறகு, டியூ ஒரு ரூபாய்கூட ஏறாமலே பல குடும்பங்களின் கடன் பல ஆண்டுகள் நீண்டுவிட்டது. அது எப்படி நடந்தது, நம் கடனில் நடந்திருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

கணக்கைக் கையில் பிடிக்க ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். 2020-ஆம் ஆண்டின் நடுவில் ஆவடியில் இரண்டு படுக்கையறை வீடு வாங்க 30 லட்சம் ரூபாய் கடன். வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம், மாறும் வட்டி. தவணைக் காலம் 20 ஆண்டு, அதாவது 240 மாதம். வாங்கியவருக்கு அப்போது வயது 38. தனியார் நிறுவனத்தில் 58-இல் ஓய்வு. கடனும் 58-இல் முடியும். ஆள் கற்பனைதான், ஆனால் அன்றைய வட்டியும் அதன் பின்னான ஏற்ற இறக்கமும் நிஜம்.

நம் ஊர் வட்டிப் பேச்சில் "நூத்துக்கு ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 7 சதவீதம் என்பது நூற்றுக்கு மாதம் 58 பைசா வட்டி, துல்லியமாகச் சொன்னால் 58.33 பைசா. 30 லட்சத்துக்கு முதல் மாத வட்டி 17,500 ரூபாய். இந்த 17,500-ஐ மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அப்படியே நிற்கும், கடன் எந்தக் காலத்திலும் முடியாது. எனவே தவணை இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எவ்வளவு கூடுதலாக இருந்தால் சரியாக 240-ஆவது மாதத்தில் நிலுவை சைபராகும் என்பதைத்தான் வாய்ப்பாடு சொல்கிறது.

```
E = P × r × (1+r)^n ÷ ((1+r)^n − 1)
```

இதில் P கடன் தொகை, r மாத வட்டி, n மாதங்களின் எண்ணிக்கை. 7 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் r = 0.0058333. 1.0058333-ஐ 240 முறை பெருக்கினால் 4.0387 வரும். ஒரு பைசாகூடக் கட்டாமல் விட்டிருந்தால் 20 ஆண்டில் கடன் நாலு மடங்குக்குச் சற்று மேல் வளர்ந்திருக்கும் என்பது இதன் பொருள். 4.0387-ஐ 3.0387-ஆல் வகுத்தால் 1.3291. முதல் மாத வட்டி 17,500-ஐ இந்த 1.3291-ஆல் பெருக்கினால் 23,259 ரூபாய். அதுதான் மாதத் தவணை.

முதல் மாதம் கட்டும் 23,259-இல் 17,500 வட்டிக்குப் போகிறது, மீதி 5,759 அசலில் கழிகிறது. நிலுவை 29,94,241 ஆகிறது. அடுத்த மாத வட்டி இந்தக் குறைந்த நிலுவைக்குத்தான். அது 17,466 ரூபாய், அசலுக்கு 5,793. இப்படி ஒவ்வொரு மாதமும் வட்டிப் பங்கு கொஞ்சம் சுருங்கி அசல் பங்கு கொஞ்சம் வளரும். குறையும் நிலுவை முறை என்பது இவ்வளவுதான். வேகம் மட்டும் ஆரம்பத்தில் மிக மெதுவாக இருக்கும். முதல் ஆண்டு முழுவதும் கட்டுவது 2,79,108 ரூபாய், அதில் வட்டி மட்டும் 2,07,740. கடைசி ஆண்டும் அதே 2,79,108-தான், அதில் வட்டி 10,302. அசலில் பாதி தீர்வதற்கு 10 ஆண்டு ஆகும் என்று நினைப்பவர்கள் அதிகம். இந்தக் கடனில் அதற்கு 13 ஆண்டு 3 மாதம் ஆகும்.

மொத்த வட்டியைக் காண்பது இதைவிட எளிது. தவணையை மாதங்களால் பெருக்கி அசலைக் கழித்தால் போதும். 23,259 × 240 = 55,82,160. அதில் 30 லட்சத்தைக் கழித்தால் 25,82,160. வீட்டுக்கு வாங்கிய கடன் 30 லட்சம், கடனுக்கான விலை ஏறத்தாழ 25.8 லட்சம். இதே கடனை 30 ஆண்டுக்கு நீட்டினால் தவணை 19,959-ஆகக் குறையும், மொத்த வட்டி 41.85 லட்சமாக ஏறும். மாதம் 3,300 ரூபாய் மிச்சப்படுத்த 16 லட்சம் கூடுதல் வட்டி. பத்தாண்டு கூடுதலாக வங்கியின் பணத்தை வைத்திருக்கிறோம், அதற்கு வட்டி ஆகத்தானே செய்யும் என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். வெவ்வேறு கால அளவுள்ள இரண்டு கடன்களில் எது மலிவு என்பதை மொத்த வட்டியை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. அதற்கு வட்டி விகிதம்தான் அளவுகோல். மொத்த வட்டியின் வேலை வேறு. நாம் ஒப்புக்கொண்ட கடன் ஒப்புக்கொண்ட வழியில்தான் போகிறதா என்பதைக் காட்டிக்கொடுப்பது அது.

வட்டி எந்த நிலுவைக்குக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் இந்த விஷயத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது. 1990-களில் வீட்டுக் கடன்களில் ஆண்டு நிலுவை முறை பரவலாக இருந்தது. மாதாமாதம் தவணை கட்டினாலும் ஆண்டின் தொடக்கத்தில் இருந்த நிலுவைக்கே ஆண்டு முழுவதற்கும் வட்டி போடுவார்கள். ஏப்ரலில் கட்டிய அசலுக்கு மார்ச் வரை வட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நம் 30 லட்சக் கடனை அந்த முறையில் போட்டால் தவணை 23,598. மாதத்துக்கு 339 ரூபாய்தான் வித்தியாசம், ஆனால் 20 ஆண்டில் அது 81,000 ரூபாய்க்கு மேல். வங்கிகள் மாத நிலுவைக்கே வட்டி கணக்கிட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு 2002 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது பல வங்கிகள் இன்னும் ஒரு படி போய்த் தினசரி நிலுவைக்கு வட்டி போடுகின்றன. அதனால் ஸ்டேட்மென்ட்டில் வட்டித் தொகை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். 30 லட்சம் நிலுவைக்கு 31 நாள் மாதத்தில் 17,836 ரூபாயும் 28 நாள் பிப்ரவரியில் 16,110 ரூபாயும் வரும். இதைப் பார்த்து வங்கி ஏமாற்றுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்டு முழுவதும் கூட்டினால் ஏறத்தாழ மாதக் கணக்கோடு பொருந்திவிடும்.

ஆனால் பிளாட் வட்டி இன்னும் சாகவில்லை. பைக், பழைய கார், லோடு ஆட்டோ வாங்கும்போது இந்த வட்டாரத்தின் ஃபைனான்ஸ் கடைகளில் "நூத்துக்கு ஒரு ரூபாய்தான் வட்டி" என்று சொல்வது பெரும்பாலும் அதுதான். ஒரு லட்சம் கடன், மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 12 சதவீதம் பிளாட் என்றால் வட்டி 36,000, மாதம் 3,778 ரூபாய். அசல் மாதாமாதம் தீர்ந்துகொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி வாங்குகிறார்கள். இதே 12 சதவீதத்தைக் குறையும் நிலுவையில் போட்டால் தவணை 3,321 ரூபாய், மொத்த வட்டி 19,571 ரூபாய்தான். மாதம் 3,778 கட்டுகிறவர் உண்மையில் கொடுப்பது குறையும் நிலுவைக் கணக்கில் ஆண்டுக்கு 21.2 சதவீதம். அதாவது நூற்றுக்கு ஒரு ரூபாய் 77 பைசா. முதல் தவணை இரண்டை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தால் அது இன்னும் ஏறும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன் எல்லாவற்றுக்கும் வங்கிகளும் ஃபைனான்ஸ் நிறுவனங்களும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை அதில் காட்ட வேண்டும். பிளாட் வட்டியின் உண்மை முகம் அந்த வரியில் தெரிந்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டிய தாள் அது.

இனி நம் ஆவடிக் கடனுக்குத் திரும்புவோம்.

2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் அது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம். 2020 மே முதல் இரண்டு ஆண்டு ரெப்போ 4 சதவீதமாக இருந்தது. அதன்மேல் வங்கி வைக்கும் 3 சதவீதத்தைச் சேர்த்தால் 7. பிறகு 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரி வரை ஆறு முறை ரெப்போ ஏறி 6.5 சதவீதத்தில் நின்றது. நம் கடனின் வட்டி 9.5 ஆனது.

கணக்கு எளிதாக இருக்க, ஏற்றம் முழுவதும் 24 தவணை கட்டி முடித்த 2022 நடுவில் ஒரேயடியாக வந்ததாக வைத்துக்கொள்வோம். நிஜத்தில் படிப்படியாக வந்தது, எனவே நிஜ எண்கள் சற்று மென்மையாக இருக்கும். அப்போது நிலுவை 28,52,104 ரூபாய். 9.5 சதவீதத்தில் இதன் ஒரு மாத வட்டி 22,579. தவணையோ அதே 23,259. அசலுக்குப் போவது 680 ரூபாய்! இரண்டு ஆண்டுக்கு முன் முதல் தவணையிலேயே 5,759 அசல் கழிந்த கடனில் இப்போது 680 கழிகிறது. இதே வேகத்தில் போனால் மீதித் தவணை எத்தனை? 216 இருக்க வேண்டிய இடத்தில் 448. அதாவது 18 ஆண்டு 37 ஆண்டு 4 மாதமாக நீள்கிறது. வட்டி இன்னும் கால் சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறி 9.8-ஐத் தொட்டிருந்தால் தவணை வட்டிக்கே போதாமல், கட்டக் கட்ட அசல் வளர்ந்திருக்கும்.

கடன் வாங்கியவர் பக்கம் இதெல்லாம் எப்படித் தெரிந்தது? வங்கிக் கணக்கிலிருந்து ஐந்தாம் தேதி அதே 23,259 பிடித்தம் ஆனது. "வட்டி ஏறுதுன்னு பேப்பர்ல போட்டான், நமக்கு டியூ ஏறல" என்று நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு. வட்டி ஏறும்போது தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டுவது வங்கிகளின் பொது வழக்கம். வாடிக்கையாளரின் மாதச் செலவு கலையாது, தவணை தவறாது, வங்கிக்கும் தொல்லை இல்லை. முதலில் காலம்தான் நீளும். அதற்கு மேல் நீட்ட முடியாது என்ற நிலை வந்தபோதுதான் பலருக்குத் தவணையை ஏற்றினார்கள். தவணையை ஏற்றும் கடிதம் வந்தவர் கோபப்பட்டார். காலம் மட்டும் நீண்டவருக்கு அது தெரியவே இல்லை. இரண்டாமவரின் நஷ்டம்தான் பெரியது.

அன்றைக்கே வேறு வழி இருந்தது. காலத்தைத் தொடாமல் மீதி 216 மாதத்திலேயே முடிக்க வேண்டுமானால் தவணை 27,606 ஆகியிருக்கும். மாதம் 4,347 கூடுதல். அப்படிச் செய்தால் அந்த நாளிலிருந்து கட்ட வேண்டிய வட்டி 31.1 லட்சம். காலத்தை நீட்டினால், 9.5 சதவீதம் அப்படியே நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 75.7 லட்சம். வட்டி அப்படி நீடிக்கவில்லைதான். 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று முறை குறைந்து ரெப்போ ஜூன் மாதத்தில் 5.5-க்கு வந்தது. நம் கடன் 8.5 ஆனது. ஆனால் இடையில் போன மூன்று ஆண்டு திரும்பி வராது. அந்த 36 மாதத்தில் கட்டிய தொகை 8,37,324 ரூபாய், அசலில் குறைந்தது 28,190 மட்டும். கடன் தொடங்கி ஐந்து ஆண்டில் மொத்தம் 13,95,540 கட்டிவிட்டு நிலுவை இன்னும் 28,23,914-இல் நிற்கிறது. 8.5 சதவீதத்தில் இதே 23,259 கட்டினால் இன்னும் 279 தவணை. முதல் ஒப்பந்தப்படி மீதி 180. எட்டேகால் ஆண்டு கூடிவிட்டது. 58 வயதில் முடிய வேண்டிய கடன் 66-ஐத் தாண்டுகிறது, மொத்த வட்டி 25.8 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 48.7 லட்சமாகிறது. தவணை இதுவரை ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

இந்தப் பிரச்சினை ரிசர்வ் வங்கியின் கண்ணுக்கும் தப்பவில்லை. 2023 ஆகஸ்ட் 18-இல் அது ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையோ காலமோ எவ்வளவு மாறுகிறது என்பதை உடனே தெரிவிக்க வேண்டும். தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். ஒரு பகுதியையோ முழுவதையுமோ எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டிக் கட்ட அனுமதிக்க வேண்டும். தவணை வட்டிக்கே போதாத நிலை வரக் கூடாது. காலாண்டுக்கு ஒரு முறை தர வேண்டிய ஸ்டேட்மென்ட்டில் இதுவரை வசூலித்த அசல், வசூலித்த வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவை இருக்க வேண்டும். பழைய கடன்களுக்கும் இது 2023 டிசம்பர் 31-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. நல்ல உத்தரவு, ஆனால் இரண்டு ஆண்டு நேரத்தோடு வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அதற்குள் ஆறு ஏற்றமும் முடிந்துவிட்டிருந்தது.

அந்த ஸ்டேட்மென்ட் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மீதித் தவணைகளின் எண்ணிக்கை. இதுவரை கட்டியதையும் மீதியையும் கூட்டினால் ஒப்பந்தத்தில் எழுதிய எண் வர வேண்டும். நம் கடனில் 60-உம் 279-உம் சேர்ந்து 339. ஒப்பந்தத்தில் 240. இந்த ஒரு கூட்டலுக்கு வாய்ப்பாடு தேவையில்லை, கால்குலேட்டர்கூடத் தேவையில்லை. மீதித் தவணைகளைத் தவணைத் தொகையால் பெருக்கி நிலுவையைக் கழித்தால் இனிமேல் கட்டப்போகும் வட்டி கிடைக்கும். 279 × 23,259-இலிருந்து 28,23,914-ஐக் கழித்தால் ஏறத்தாழ 36.65 லட்சம். கடைசித் தவணை முழுத் தவணையாக இராது என்பதால் சில ஆயிரம் முன்பின் இருக்கும்.

அடுத்தது வட்டி விகிதம் சரிதானா என்பது. ஏதாவது ஒரு மாதத்தின் தொடக்க நிலுவையை ஆண்டு வட்டியால் பெருக்கி 1,200-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி வர வேண்டும். தினசரி நிலுவை முறை என்றால் சில நூறு ரூபாய் ஏறி இறங்கலாம், பிப்ரவரியில் ஆயிரத்துக்கு மேலும் குறையலாம். மற்ற மாதங்களில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் என்றால் கேள்வி கேட்க வேண்டும். ரெப்போவோடு கட்டிய கடன் என்றால் அன்றைய ரெப்போவும் ஒப்பந்தத்தில் உள்ள கூடுதல் விகிதமும் சேர்ந்து ஸ்டேட்மென்ட்டில் உள்ள விகிதம் வருகிறதா என்று பாருங்கள். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. 2019-க்கு முந்தைய கடன்கள் பல இன்னும் பழைய அளவுகோல்களிலேயே இருக்கின்றன. வீட்டுக் கடன் நிறுவனங்களின் கடன்கள் இந்த விதிக்குள் வருவதில்லை. இந்த இரண்டு வகைக் கடனிலும் வட்டி ஏறும் வேகத்தில் பெரும்பாலும் இறங்குவதில்லை. அதே இடத்தில் இன்று புதிதாகக் கடன் வாங்க வருபவருக்கு என்ன வட்டி சொல்கிறார்கள் என்று விசாரித்து, உங்களுடையது அதிகம் என்றால் மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள்.

கணினி இருப்பவர்கள் எக்செல்லில் மூன்று வரி போட்டால் முழுப் படமும் தெரியும். முதல் வரி தவணையைச் சொல்லும், இரண்டாவது மீதித் தவணைகளை, மூன்றாவது மொத்த வட்டியை. மூன்றாவதன் விடை கழித்தல் குறியோடு வரும், அதில் தவறொன்றும் இல்லை.

```
=PMT(7%/12,240,-3000000)
=NPER(9.5%/12,-23259,2852104)
=CUMIPMT(7%/12,240,3000000,1,240,0)
```

கணக்கு பொருந்தாமல் போகும் இன்னொரு இடம் கடனின் தொடக்கம். கடன் அனுமதியான நாளிலிருந்தோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தோ வட்டி போடுவது, காசோலையில் ஒரு தேதி போட்டுப் பல நாள் கழித்துக் கொடுப்பது, மாத நடுவில் கொடுத்த கடனுக்கு மாதம் முழுவதற்கும் வட்டி வாங்குவது, முன்தவணை பிடித்துக்கொண்டு முழுத் தொகைக்கும் வட்டி போடுவது ஆகிய வழக்கங்களை ஆய்வுகளில் கண்டுபிடித்து, 2024 ஏப்ரல் 29-இல் ரிசர்வ் வங்கி கண்டித்தது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரவும் சொன்னது. பத்திரப் பதிவு தள்ளிப்போய்க் காசோலை பத்து நாள் வங்கியிலேயே கிடந்தால் 30 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் 5,753 ரூபாய். வீட்டை விற்றவர் கைக்குப் பணம் போன தேதியைக் குறித்து வைத்திருப்பவரால்தான் இதைக் கேட்க முடியும். ஒற்றைப் பிரீமியக் காப்பீடு கடன் தொகையிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டின் முதல் வரியில் 30,00,000-க்குப் பதில் அதைவிடப் பெரிய தொகை நின்றால் 20 ஆண்டும் அந்தப் பிரீமியத்துக்கும் வட்டி போகிறது என்று பொருள்.

பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் கட்டுமானத்தில் இருக்கும் அடுக்ககத்தில் பதிவு செய்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டடம் எழ எழப் பணம் பகுதி பகுதியாக விடுவிக்கப்படும். அதுவரை விடுவித்த தொகைக்கு வட்டி மட்டும் கட்டும் ஏற்பாட்டில் ஒரு ரூபாய்கூட அசலில் கழிவதில்லை. கட்டுமானம் இரண்டு ஆண்டு இழுத்தால் இரண்டு ஆண்டு வட்டியும் 20 ஆண்டுக் கணக்குக்கு வெளியே போய்விடும். மொத்த வட்டியைக் கூட்டும்போது அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காலம் நீண்டுவிட்டது என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? 2025 நடுவில் நிற்கும் நம் ஆவடிக்காரர் தவணையை 27,808 ஆக்கினால் மீதியை முதல் ஒப்பந்தப்படி 15 ஆண்டில் முடித்துவிடலாம். மாதம் 4,549 கூடுதல், இனிக் கட்டும் வட்டியில் ஏறத்தாழ 14.7 லட்சம் மிச்சம். அது முடியாதவர் தீபாவளி போனஸையோ முதிர்ந்த சீட்டுப் பணத்தையோ அசலில் கட்டலாம். ஒரு லட்சம் கட்டி, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கச் சொன்னால் 28 தவணை குறைகிறது. அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 6.5 லட்சம். கட்டிய ஒரு லட்சத்தைக் கழித்தால் வட்டி மிச்சம் ஐந்தரை லட்சம். அந்த மிச்சம் கடனின் வாலில், இருபது ஆண்டு கழித்துத்தான் வரும், அன்றைய ஐந்தரை லட்சத்துக்கு இன்றைய மதிப்பு இராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 8.5 சதவீத வட்டியைத் தவிர்ப்பது வரி போக வங்கி வைப்புத்தொகை தருவதைவிட அதிகம். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒதுக்கியது போக மீதி இருந்தால் அது அசலுக்குப் போகட்டும். தனிநபருக்கான மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. கட்டும்போது "காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுத்து, அடுத்த ஸ்டேட்மென்ட்டில் மீதித் தவணைகள் குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்துக் காலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது மிச்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இந்த வாரம் உங்கள் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக் கட்டிய தவணைகளையும் மீதித் தவணைகளையும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். ஒப்பந்த எண்ணைவிட அதிகமாக வந்தால், எந்தத் தேதியில் எந்த வட்டி மாற்றத்தால் எத்தனை தவணை கூடியது, எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கிளைக்கு எழுதிக் கேளுங்கள், நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, வங்கிக் கடன் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் செய்யலாம்.